பரிசாகச் சப்பாத்து வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: அளவு பிடிப்பதும் மாற்றி எடுப்பதும்

"அப்பாவுக்கு ஒரு சோடி வேணும், ஆனா அவருக்குத் தெரியக்கூடாது, என்ன நம்பர் எடுக்கிறது?" திருகோணமலை நகரில் ஒரு சப்பாத்துக் கடையில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறேன், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முன்னால் ஒரு நாளைக்கு நாலைந்து பேராவது இதைத்தான் கேட்கிறார்கள். கடை நிறைய சனம் நிற்கும்போது நின்று விளக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, ஆறுதலாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆளிட்டக் கேக்காமல் அளவு கண்டுபிடிக்க ஏலுமா?

ஏலும். அவர் தினமும் போட்டுத் தேய்ந்த இறப்பர் செருப்பு ஒன்று வாசலில் கிடந்தால் போதும். நம் ஊரில் எல்லோரும் செருப்பை வாசலில்தான் கழற்றுகிறோம், அவர் குளிக்கப் போகிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். செருப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குதிக்கால் நிற்கிற இடம் ஒரு கிண்ணம் போலக் குழிந்திருக்கும், முன்னுக்கு ஐந்து விரலும் தனித்தனியாக அழுந்திக் கறுத்திருக்கும். அளக்க வேண்டியது அந்தத் தடத்தை, செருப்பின் முழு நீளத்தை அல்ல.

ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து, குதித் தடத்தின் பின் விளிம்பில் ஒரு நுனியை வைத்து, மிக நீளமான விரலின் தடம் முடிகிற இடத்தில் முறித்துக்கொள்ளுங்கள். நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு செருப்பையும் அளந்து கூடியதை எடுங்கள், ஏனென்றால் ஒருவருடைய இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது குறைவு. நூல் வேண்டாம், இழுபடும். ஈர்க்கு இல்லையென்றால் கடதாசித் துண்டை ஒடுக்கமாக வெட்டி எடுங்கள். கடற்கரை மணலில் பதிந்த அடியை அளந்துகொண்டு வந்தவர்களும் உண்டு, அதில் மணல் சரிந்து ஒரு சென்றிமீற்றர் வரை பிழைக்கும்.

செருப்பில 9 எண்டு போட்டிருக்கு. சப்பாத்தும் 9 எடுத்தாச் சரிதானே?

இல்லை. கடையில் நான் பார்க்கிற பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகிறது. குதி வெளியே தொங்கக் கூடாது என்று பலர் செருப்பை ஒரு நம்பர் கூடவே எடுப்பார்கள். அடைப்பு இல்லாததால் கூடினாலும் தெரியாது. சப்பாத்தில் அதே ஒரு நம்பர் கூடினால் ஒவ்வொரு அடிக்கும் குதி மேலே கிளம்பி உரசிப் புண்ணாகும்.

செருப்பின் நம்பர் அவர் எதை வாங்கினார் என்பதைச் சொல்லும், தடம்தான் அவருடைய காலைச் சொல்லும். அவர் ஏற்கெனவே சப்பாத்துப் போடுகிறவர் என்றால் இன்னும் நல்லது. உள்ளே இருக்கும் மெத்தை கழற்றக்கூடியதாக இருந்தால் அதை எடுத்து, அதிலுள்ள கால் தடத்தை அதே மாதிரி அளக்கலாம்.

அளந்தாச்சு. இதை எப்படி நம்பராக்கிறது?

உப்புவெளியிலிருந்து வந்த ஒரு தங்கச்சியின் கணக்கையே சொல்கிறேன். அவருடைய அப்பாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். ஓய்வு பெற்ற ஆசிரியர், தினமும் காலையில் டச்சுக்குடாக் கரையோரம் நடப்பார், அதுவும் இறப்பர் செருப்போடு. நடக்கிற சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுக்க மகளுக்கு ஆசை. செருப்பில் நம்பர் 9, அவர் கொண்டுவந்த ஈர்க்கு சரியாக 26 செ.மீ. விரல் நுனி உருண்டையாக இருப்பதால் தடம் எப்போதும் காலைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் விழும். அதற்காக நான் 4 மி.மீ. கூட்டுவேன். அப்போது அடியின் நீளம் 26.4.

இனி ஐரோப்பிய நம்பர். விரலுக்கு முன்னால் இடம் விட 1.5 செ.மீ. கூட்டினால் 27.9. அதை ஒன்றரையால் பெருக்கினால் 41.85, அதாவது 42. ஐரோப்பிய அளவில் ஒரு நம்பர் என்பது ஒரு சென்றிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு, அதனால்தான் ஒன்றரையால் பெருக்குகிறோம். ஆண்களின் சப்பாத்தில் அதிலிருந்து 34ஐக் கழித்தால் ஏறக்குறைய யூகே நம்பர் வரும், இங்கே 8. பெண்களுக்கு 33ஐக் கழிக்க வேண்டும், 38 என்றால் 5. ஆக, அந்த ஐயாவின் செருப்பு 9, சப்பாத்து 8.

ஒரு பெட்டியில 42, இன்னொண்டில 8, வேற ஒண்டில 9 எண்டு போட்டிருக்கு. எல்லாம் ஒண்டா?

ஒன்றாக இருக்கலாம். யூகே 8ஐ அமெரிக்க அளவில் சில கம்பனிகள் 8.5 என்றும் சில கம்பனிகள் 9 என்றும் போடும். வெறும் 9 என்று மட்டும் இருந்தால் அது யூகேயா யூஎஸ்ஸா என்று கேட்காமல் எடுக்க வேண்டாம். நான் மேலே சொன்ன கழித்தல் கணக்கும் கம்பனிக்குக் கம்பனி அரை நம்பர், சில நேரம் அதற்கு மேலும் தள்ளும்.

அதனால் விளையாட்டுச் சப்பாத்தில் நாக்கின் உள்பக்கம் தைத்திருக்கும் துண்டைப் பாருங்கள். 26.5 என்றோ 265 என்றோ ஒரு எண் இருந்தால் பெரும்பாலும் அது எந்த நீள அடிக்குச் செய்தது என்பதைச் சொல்கிற எண். உங்கள் அளவு 26.4 என்றால் அதுதான் பொருந்தும். மற்ற நம்பர்களில் குழப்பம் வந்தால் நான் இதைத்தான் நம்புவேன்.

ஈர்க்கை வைத்தே இன்னொரு சோதனை செய்யலாம். அடி நீளத்தோடு ஒரு சென்றிமீற்றர் கூட்டி ஒரு புது ஈர்க்கு முறித்துக்கொண்டு வாருங்கள், அந்த ஐயாவுக்கு என்றால் 27.4. சப்பாத்தின் உள்ளே குதியில் முட்டவைத்து முன்பக்கமாக விடுங்கள். வளையாமல் படுத்தால் நீளம் காணும், வில் மாதிரி வளைந்தால் காணாது. கூர் முனைச் சப்பாத்தில் மட்டும் இது ஏமாற்றும், விரல் போகாத அந்த ஒடுக்க முனைக்குள் ஈர்க்கு போய்விடும்.

கணக்குப் பாத்தா 41க்கும் 42க்கும் நடுவில வருது. எதை எடுக்கிறது?

பரிசு என்றால் கூடினதை எடுங்கள். கொஞ்சம் கூடினதை லேஸ் இழுத்துக் கட்டியோ மெத்தை ஒன்று போட்டோ சமாளிக்கலாம், குறைந்ததை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் லேஸோ பட்டியோ இல்லாமல் அப்படியே காலை நுழைக்கிற வகைக்கு இது சரிவராது, கூடினால் கழன்றுகொண்டே இருக்கும். அந்த வகையை ஆள் இல்லாமல் வாங்கவே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

அப்பாவுக்குக் கால் நல்ல அகலம். ஒரு நம்பர் கூட எடுக்கட்டா?

வேண்டாம். உப்புவெளி ஐயாவுக்கு நடந்தது இதுதான். 42 எடுத்துக் கொடுத்தோம், நீளம் அளந்தெடுத்த மாதிரி இருந்தது, ஆனால் சின்னவிரல் அடிமூட்டில் இறுக்கம். மகள் அடுத்த நாளே வந்து 43 கேட்டார். கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், அகலம் ஒரு சில மில்லிமீற்றர்தான் கூடியிருந்தது, நீளம் தேவையில்லாமல் ஆறேழு மில்லிமீற்றர் கூடிவிட்டது. நீளம் கூடினால் சப்பாத்து மடிகிற இடமும் முன்னால் தள்ளிப் போகும், கால் மடிகிற இடத்தில் அது மடியாது.

வாழ்க்கை முழுக்கச் செருப்போடும் வெறுங்காலோடும் நடந்தவர்களுக்கு விரல்கள் விரிந்தே இருக்கும். அவர்களுக்கு மாற்ற வேண்டியது மொடலை. முனை வட்டமாக, மேல்பக்கம் இழுபடக்கூடிய வலைத்துணியாக, லேஸ் ஓட்டைகள் முன்பக்கம் நன்றாக இறங்கி வருவதாகப் பாருங்கள். அப்படி வேறொரு மொடலில் அதே 42ஐ எடுத்துப் போனார், சரியாக இருந்தது. செருப்பை அளக்கும்போதே விரல் அடிமூட்டுப் பக்கம் பாருங்கள், தடம் செருப்பின் விளிம்பு வரை போய் விளிம்பும் தேய்ந்திருந்தால் கால் அகலம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கு. அவவுக்கும் இப்பிடியே வாங்கலாமா?

இவருக்கு மட்டும் மறைத்து வாங்க வேண்டாம். நீரிழிவில் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் இறுக்கமும் உரசலும் தெரியாது, ஒரு சின்னக் கொப்புளம் ஆறாத புண்ணாகிவிடும். "போட்டுப் பாத்தன், நல்லா இருக்கு" என்று அவர் சொல்வதை வைத்து முடிவெடுக்கவும் முடியாது. கூட்டிக்கொண்டு வாருங்கள், பின்னேரத்தில், ஏனென்றால் கால் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும். கிளினிக் போகிறவர் என்றால் அங்கே காலைப் பார்க்கிறவர்களிடம் எந்த மாதிரிச் சப்பாத்து என்று கேட்டுவிட்டு வாங்குவது இன்னும் நல்லது. அவரை அழைத்து வந்து வாங்கிக் கொடுப்பதும் பரிசுதானே.

தங்கச்சிட மகனுக்கு 1ஆம் நம்பர் எண்டாங்க. அவனுக்கு ஒன்பது வயசு, அது குழந்தைட அளவில்லையா?

யூகே அளவில் பிள்ளைகளின் நம்பர் 13 வரை போய், பிறகு மறுபடி 1இலிருந்து தொடங்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 1 என்பது 13க்கு அடுத்தது, ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய 33. கடையில் நம்பரோடு வயதையும் சொல்லுங்கள். பிள்ளைகள் வளர்வதால் தடம் பழையதாக இருக்கக்கூடும், போன வருஷச் செருப்பை அளந்து பயனில்லை. பாடசாலைச் சப்பாத்து என்றால் வெள்ளையா கறுப்பா என்று பெற்றோரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

மாத்தித் தருவீங்களா எண்டு கேட்டா எல்லாக் கடையிலயும் "ஓம்" எண்டுதான் சொல்றாங்க. பிறகு போனா வேற கதை. என்ன செய்றது?

எனக்கும் இது நடந்திருக்கிறது. வேறொரு ஊரில் என் அத்தானுக்கு ஒரு சோடி வாங்கி, பத்து நாள் கழித்து மாற்றப் போனேன். "ஓம்" என்று சொன்ன பொடியன் அன்று வேலைக்கு வரவில்லை, நின்றவருக்கு ஒன்றும் தெரியாது. வாய்ச் சொல் சொன்ன ஆளோடு போய்விடும். அதனால் காசு கொடுக்க முன்னால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "பரிசு, அளவு மாற்றலாம், இந்தத் திகதி வரை" என்று எழுதி, கையெழுத்தோ கடை முத்திரையோ போட்டால் போதும். மாற்றும் நாள் வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும் என்பதையும் யோசியுங்கள். பிறந்தநாளுக்கு மூன்று கிழமை முன்னால் வாங்கிவிட்டு, கடை 7 நாள் என்று வைத்திருந்தால், பரிசைப் பிரிக்க முன்னமே நாள் முடிந்துவிடும். பரிசு கொடுக்கிற திகதியைச் சொல்லி, அதிலிருந்து ஒரு கிழமை எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் பல கடைகளில் தருவார்கள்.

பில்லை அப்போதே போனில் படம் எடுங்கள். இப்போது வருகிற பில் கடதாசி சூட்டில் வெளிறும், மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே இரண்டு நாள் கிடந்தால் எழுத்தே தெரியாது. விலை ஒட்டியதைக் கிழிக்கலாம், ஆனால் பெட்டியில் நம்பரும் மொடல் இலக்கமும் உள்ள துண்டைக் கிழிக்க வேண்டாம், அதைப் பார்த்துத்தான் நாங்கள் மாற்றுகிறோம். பில் தர மறுக்கிற கடையில் பரிசு வாங்கவே வேண்டாம். கேட்டால் பில் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. முறைப்பாடு சொல்ல அந்த அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம். ஆனால் அளவு பிழைத்தது கடையின் குற்றமல்ல, சப்பாத்தில் பழுது என்பது வேறு, அளவு மாற்றுவது வேறு. அளவுக்கு உங்களிடம் இருப்பது பில்லில் எழுதி வாங்கிய அந்த ஒரு வரிதான்.

மாத்தப் போனன், அந்த நம்பர் முடிஞ்சுது எண்டாங்க. அப்ப?

இதை வாங்குகிற நேரத்திலேயே தடுக்கலாம். 42 எடுக்கிறீர்கள் என்றால், "இதே மொடலில் 41உம் 43உம் இருக்கா?" என்று கேளுங்கள். இருந்தால்தான் எடுங்கள். கடைசிச் சோடி எவ்வளவு வடிவாக இருந்தாலும் பரிசுக்கு அது சரிவராது. ஆண்களில் 41, 42தான் முதலில் முடிகிறவை, பெருநாள் நெருங்கினால் இரண்டு நாளில் காலியாகிவிடும். மலிவு விற்பனையில் வாங்கினால் பெரும்பாலும் மாற்றவும் மாட்டார்கள், மாற்ற நம்பரும் இருக்காது.

முடிந்துவிட்டது என்றால் அதே விலைக்கு வேறு மொடலோ, இல்லையென்றால் அந்தத் தொகைக்கு ஒரு துண்டு எழுதியோ கேளுங்கள். காசு திருப்பித் தருவது அனேகமாக நடக்காது.

வீட்டுக்குள்ளதான் போட்டுப் பாத்தவர், ஆனாலும் "போட்டது" எண்டு சொல்லித் திருப்பிட்டாங்க. எப்படித் தெரியும் அவங்களுக்கு?

அடியைப் புரட்டினால் தெரியும். நம் ஊரில் முற்றத்தில் இரண்டு அடி வைத்தாலே கோடுகளுக்குள் மணல் ஏறிவிடும். தும்புத் தூரிகையால் தட்டினாலும் மூலையில் வெள்ளை வெள்ளையாக நிற்கும். சீமெந்துத் தரையில் நடந்தால் இறப்பரின் புது மினுக்கம் குதிப் பக்கம் போய்விடும். முன்பக்கத்தில் மடிப்புக் கோடும் விழும்.

அதனால் கட்டில் விரிப்பையோ பாயையோ விரித்து, அதன் மேல் மட்டும் நடக்கச் சொல்லுங்கள். காலைக் கழுவித் துடைத்து, காலுறை போட்டு. உள்ளே அடைத்திருந்த கடதாசியை எறியாமல் வைத்திருங்கள், மாற்றக் கொண்டுவரும்போது திரும்ப அடைத்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அண்ணா லண்டனில இருந்து அப்பாவுக்கு அனுப்பப் போறார். என்ன சொல்லிவிடுறது?

நம்பரைச் சொல்ல வேண்டாம், அடி நீளத்தைச் சொல்லுங்கள், 26.4 செ.மீ. என்று. அகலம் கூட என்பதையும் சொல்லுங்கள். திருப்பி அனுப்பி மாற்றுவதற்கு ஆகிற செலவில் இங்கே இன்னொரு சோடி வாங்கலாம், ஆகவே அதை மாற்ற முடியாத பரிசு என்று நினைத்தே தெரிவு செய்யுங்கள். லேஸ் உள்ளது, வட்ட முனை, அரை நம்பர் கூட. இல்லையென்றால் அண்ணா காசை அனுப்பட்டும், இங்கே கடையில் நீங்கள் எடுங்கள். கொழும்பிலிருந்து ஒன்லைனில் எடுப்பதென்றாலும் திருப்பி அனுப்பும் கூலி யார் கொடுப்பது, எத்தனை நாளுக்குள் என்பதை ஓடர் போட முன்னால் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா "நல்லாத்தான் இருக்கு" எண்டுட்டு அலுமாரிக்குள்ள வச்சிட்டார். உண்மையா அளவா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிள்ளை வாங்கித் தந்ததை எந்தத் தகப்பனும் குறை சொல்லமாட்டார். அதனால் கேள்வி கேட்காமல் பாருங்கள். பின்னேரத்தில் போட வைத்து, நிற்கச் சொல்லி, முனையில் உங்கள் பெருவிரலை அழுத்துங்கள். அவருடைய நீளமான விரலுக்கும் முனைக்கும் இடையில் உங்கள் பெருவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான இடம் இருந்தால் சரி. பாயில் நாலு அடி நடக்கச் சொல்லிக் குதியைப் பாருங்கள், கிளம்பக் கூடாது. பத்து நிமிடம் அப்படியே போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கட்டும். கழற்றியதும் காலைப் பாருங்கள், சின்னவிரல் பக்கமோ பெருவிரல் மூட்டிலோ சிவந்த கோடு இருந்தால் அடுத்த நாளே பெட்டியோடு கடைக்கு வாருங்கள்.

அலுமாரிக்குள் வைக்க மட்டும் விடாதீர்கள். மாற்றும் திகதி முடிந்துபோவது ஒரு பக்கம். பல நடைச் சப்பாத்துகளின் மெதுமையான அடி பொலியூரெத்தேன் வகை, சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் போடாமல் சில வருஷம் கிடந்தால் தானாகவே பிசுபிசுத்து உதிரும். "நல்ல நாளுக்கு" என்று எடுத்து வைத்து, பேத்தியின் கலியாணத்தன்று போட்ட சப்பாத்தின் அடி மண்டபப் படியிலேயே துண்டு துண்டாகக் கழன்றதைக் கையில் கொண்டுவந்து காட்டிய ஒரு பெரியவர் இருக்கிறார், மேல்பக்கம் புதுசு போல மினுங்கிக்கொண்டிருந்தது. உப்புவெளி மகள் அதற்கு ஒரு வழி செய்தார். மாற்றி எடுத்த அடுத்த நாள் விடியவே சப்பாத்தைக் கொடுத்து, அப்பாவின் பழைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவரோடு தானும் டச்சுக்குடாவுக்கு நடக்கப் போனார்.